மூடிய ஷூவுக்குள் வியர்வைக் கணக்கு

நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு கொல்லிமலைச் செம்மேட்டுக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ தாலுகா அலுவலகத்தவராகவோ இருக்கலாம். மாதம் ஏப்ரல். காலில் கறுப்புத் தோல் ஷூ, உள்ளே சாக்ஸ். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை பேருந்து சமவெளியில் ஓடுகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சோளக்காட்டை எட்டும்போது சுமார் 1,000 மீட்டர் ஏறியிருப்பார். காற்று 6 அல்லது 7 டிகிரி குளிர்ந்திருக்கும். ஜன்னலோரம் இருப்பவர்கள் முகத்தைத் துடைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அவருடைய ஷூவுக்குள் மட்டும் சமவெளி அப்படியே இருக்கும். அந்தப் பத்துச் செண்டிமீட்டர் இடத்துக்குள் என்ன நடக்கிறது, பருத்தி, மூங்கில், வெளியே தெரியாத குட்டை சாக்ஸ் ஆகிய மூன்றில் எது அங்கே உதவும் என்பதை இந்தப் பயணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் வியர்வை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் உடலிலேயே மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதனால் பாதத்தின் ஈரமெல்லாம் உள்ளங்காலிலிருந்து வருகிறது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். அளந்து பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. வெயிலாலும் நடையாலும் உடல் சூடேறும்போது உள்ளங்காலைவிடப் பாதத்தின் மேற்புறம்தான் அதிகம் வியர்க்கிறது. உள்ளங்கையைப் போல உள்ளங்காலும் பதற்றத்துக்கும் மன அழுத்தத்துக்கும் உடனே வியர்க்கும். வெப்பத்துக்கு அது அவ்வளவு வேகமாக இசைந்து கொடுப்பதில்லை. ஷூ நாடாவுக்குக் கீழே இருக்கும் அந்த மேற்புறத்தை நினைவில் வையுங்கள். குட்டை சாக்ஸ் திறந்து விடுவது அந்த இடத்தைத்தான்.

அளவு எவ்வளவு? ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் பெரிதும் மாறும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வெயில் காலத்தில் ஒரு பாதத்துக்கு மணிக்குச் சில கிராம் என்பது நியாயமான மதிப்பு. கணக்குக்கு மணிக்கு 5 கிராம் என்று வைப்போம். நம் ஊழியர் காலை எட்டுக்கு ஷூ போட்டு மாலை ஏழுக்குக் கழற்றினால் 11 மணி நேரம். ஒரு பாதத்துக்கு 55 கிராம். ஏறத்தாழ அரை டம்ளர் காப்பி அளவு நீர் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் சுரக்கிறது.

இந்த நீர் திறந்த செருப்பில் சுரந்திருந்தால் கவலையே இல்லை. சுரந்த இடத்திலேயே ஆவியாகி, போகும்போது பாதத்தையும் குளிர்வித்துவிட்டுப் போயிருக்கும். மூடிய ஷூவில் அதற்கு வழிகள் சில மட்டுமே. ஒன்று, ஷூவின் மேல்தோல் வழியாக நீராவியாகக் கசிவது. நல்ல தோல் இதை அனுமதிக்கும். ஆனால் பளபளப்புக்காகக் கனமாகப் பாலியூரிதேன் பூச்சு போட்ட தோலும், உள்ளே ரெக்சின் புறணி வைத்த ஷூவும் இந்த வழியை அடைத்துவிடுகின்றன. இன்னொன்று, கணுக்காலைச் சுற்றிய வாய். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஷூவுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் பிதுங்கி வெளியேறி, புதுக் காற்று உள்ளே வருகிறது. உட்கார்ந்திருந்தால் இந்தக் காற்றோட்டம் நின்றுவிடும். பேருந்து இருக்கையிலும் அலுவலக நாற்காலியிலும் நாள் கழிபவருக்கு இது பெரும்பாலும் அடைபட்ட வழிதான். எஞ்சிய நீர் சாக்ஸிலும் ஷூவின் உட்தோலிலும் அடித்தாளிலும் தங்கும். ஆகவே மூடிய ஷூவுக்குள் சாக்ஸின் முதல் வேலை உலர்த்துவது இல்லை, சேர்த்து வைப்பது. விளம்பரங்கள் சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தொடங்குகிறது.

சேர்த்து வைப்பதிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் இழை தன் உடலுக்குள்ளேயே நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் சாக்ஸைத் தொட்டால் ஈரம் தெரியாது. இழை நிறைந்த பிறகு இரண்டாம் கட்டம்: இழைகளுக்கு நடுவே நீர் நீராகவே நிற்கும், பாதம் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது பருத்தி தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை உள்ளே வைத்திருக்கும். மூங்கில் சாக்ஸின் இழை சுமார் 13 விழுக்காடு வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. மூங்கில் சாக்ஸ் பருத்தியைவிட அதிகம் உறிஞ்சும் என்று கடையில் சொல்வது இந்த எண்களால் உண்மையே.

ஆனால் அந்த அதிகம் எவ்வளவு நேரத்துக்குக் கைகொடுக்கிறது? அலுவலகத்துக்குப் போடும் சாக்ஸ் ஒன்று சுமார் 25 கிராம் இருக்கும். அதில் 20 கிராம் பருத்தி, மீதி நைலானும் எலாஸ்டேனும் என்று வைப்போம். சாதாரணக் காற்றிலிருந்து ஷூவுக்குள் நிலவும் 95 விழுக்காடு ஈரத்துக்குப் போகும்போது அந்தப் பருத்தி கூடுதலாக 2 கிராமுக்குச் சற்று மேல் நீராவியை விழுங்கும். அதே எடை மூங்கில் இழை 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாக விழுங்கும். வித்தியாசம் அரை கிராமை ஒட்டியது. மணிக்கு 5 கிராம் வியர்க்கும் பாதத்துக்கு அது ஆறேழு நிமிடத்து வியர்வை. காளப்பநாயக்கன்பட்டி வருவதற்குள் இரண்டு சாக்ஸும் நிறைந்துவிடும். மலை இன்னும் தொடங்கியே இருக்காது.

மூங்கில் சாக்ஸ் போட்டதும் குளிர்ச்சியாகத் தெரிகிறதே என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதன் இழை வழவழப்பானது. பருத்தி இழையைப் போல முறுக்கிக்கொண்டு, மேலே நுண்ணிய நுனிகளை நீட்டிக்கொண்டு இருப்பதில்லை. வழவழப்பான பரப்பு தோலோடு நெருக்கமாகப் படிகிறது, தொட்ட கணத்தில் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்கிறது. கடையில் கையால் தடவிப் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது அந்த முதல் கணத்தின் செய்தி. பதினொரு மணி நேர ஷூவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூங்கில் என்ற பெயரையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொல்லிமலைச் சரிவுகளில் மூங்கில் வளர்கிறது. அதைப் பிளந்து கூடை முடையலாம், தட்டி கட்டலாம். அந்த மூங்கில் நாரிலிருந்து நேரடியாக மென்மையான சாக்ஸ் நெய்ய முடியாது. சந்தையில் உள்ள மூங்கில் சாக்ஸ் ஏறத்தாழ எல்லாமே விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, அந்தக் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துத் தேன் போன்ற கெட்டித் திரவமாக்குகிறார்கள். அதை நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறைகிறது. 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று வேதியியலர்கள் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல்தான் இது. யூகலிப்டஸ் கூழைப் போட்டாலும் மூங்கில் கூழைப் போட்டாலும் கடைசியில் வெளிவருவது தூய்மையாக்கப்பட்ட செல்லுலோஸ் மட்டுமே.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் நன்கு தெரியும். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானி ஆற்றங்கரையில் விஸ்கோஸ் ஆலை ஒன்று பல்லாண்டு ஓடியது. அதன் கழிவு ஆற்றைக் கெடுத்தது என்று மக்கள் போராடினார்கள். ஆலை பிற்பாடு மூடப்பட்டது. கார்பன் டைசல்பைடு வேலையாட்களின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. மூங்கில் விரைவாக வளரும் புல்தான், அது உண்மை. அதைச் சாக்ஸாக மாற்றும் வழி மென்மையானது இல்லை என்பதும் உண்மை.

இன்னொரு வாக்குறுதி, மூங்கிலுக்குக் கிருமிகளைத் தடுக்கும் தன்மை உண்டு, எனவே சாக்ஸ் நாறாது என்பது. செடியில் அப்படி ஏதாவது இருந்தாலும் காஸ்டிக் சோடாவையும் அமிலத்தையும் தாண்டி அது இழைக்கு வந்து சேர்வதில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் இந்த உரிமைகோரலைச் சொன்ன நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்றே லேபிளில் எழுத வேண்டும் என்று வலியுறுத்தியது. 2013இலும் 2022இலும் பெரிய விற்பனை நிறுவனங்கள் இதற்காகவே பல லட்சம் டாலர் அபராதம் கட்டின. நம் கடைகளில் மூங்கில் என்ற சொல்லோடு கிருமித் தடுப்பு என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், அதன் விலையைக் கழித்துவிட்டுச் சாக்ஸை மதிப்பிடுங்கள்.

விஸ்கோஸின் உண்மையான பலவீனம் நனையும்போது தெரியும். பருத்தி நனைந்தால் உறுதி கொஞ்சம் கூடும். விஸ்கோஸ் நனைந்தால் உறுதி ஏறத்தாழ பாதியாகிவிடும். இதை வீட்டிலேயே காணலாம். பழைய மூங்கில் சாக்ஸ் ஒன்றின் ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை உருவுங்கள். பெரும்பாலும் அது ஒரு மெல்லிய நைலான் நூலோடு சேர்ந்தே வரும். நைலானைத் தனியே பிரித்துவிடுங்கள். மிஞ்சிய நூலின் நடுவில் விரலால் ஒரு சொட்டு நீர் வைத்து, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். விஸ்கோஸ் என்றால் நனைந்த இடத்தில்தான் அறுபடும். பருத்தி நூல் அந்த இடத்தைத் தவிர வேறெங்காவது அறுபடும். கொளுத்திப் பார்ப்பதால் பயனில்லை. இரண்டும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும், ஏனெனில் இரண்டும் செல்லுலோஸ்.

நாள் முழுதும் நனைந்தபடியே தேயும் இழைக்கு இந்தப் பலவீனம் சிறிய விஷயம் அல்ல. குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் மூங்கில் சாக்ஸ் முதலில் மெலியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விஸ்கோஸ் தேய்ந்துபோய் நைலான் இழை மட்டும் கண்ணாடி வலையாக நிற்பது தெரியும். ஓட்டை விழவில்லையே என்று அதைத் தொடர்ந்து போடுபவர்கள் உண்டு. அந்த இடத்தில் உறிஞ்சும் இழையே இல்லை. பாதம் நைலானோடு உரசிக்கொண்டிருக்கிறது.

இப்போது மலை ஏறுவோம். சமவெளியில் 36 டிகிரி வெப்பமும் 44 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, அதே நீராவியோடு 1,000 மீட்டர் மேலே போனால் 29 டிகிரியை ஒட்டிக் குளிரும். அதன் ஈரப்பதம் 57 விழுக்காட்டை ஒட்டி உயரும். குளிர்ந்த இடம், எனவே சாக்ஸ் தானே உலர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஈரம் வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது ஷூவுக்குள் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பாதம் 34 டிகிரியிலேயே இருக்கிறது. மேலே போனதும் அந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. நடுவே நிற்கும் தோல் சுவரோ மாறவே இல்லை. மலையில் நல்லதாக நடப்பது ஒன்றுதான், புதிதாகச் சுரக்கும் வியர்வை குறைகிறது. சமவெளியில் நனைந்த சாக்ஸ் நனைந்ததாகவே செம்மேட்டு நாற்காலிக்கு வந்து சேர்கிறது. மழைக்கால மூடுபனி நாட்களில் காற்று ஏறத்தாழ நிறைவுற்றிருக்கும். அப்போது அதே ஈரம் குளிரவும் செய்கிறது.

இனி, வெளியே தெரியாத குட்டை சாக்ஸ். ஷூ விளிம்புக்குக் கீழேயே முடிந்துவிடும் இந்த வகை வெயில் காலத்துக்கு ஏற்றது என்று விற்கப்படுகிறது. துணி குறைந்தால் சூடு குறையும் என்பது தர்க்கம். கணுக்காலுக்கு மேலே காற்றாடுகிறது என்பது சரிதான். ஆனால் வெளிக்காற்றில் இருக்கும் கணுக்கால் ஷூவுக்குள் இருக்கும் பாதத்தை உலர்த்துவதில்லை.

அதற்கு மாறாக, கணுக்காலுக்கு மேல் நீளும் சாக்ஸ் விளக்குத் திரியின் வேலையைச் செய்கிறது. உள்ளே நனைந்த துணியிலிருந்து நீர் இழைகளின் இடுக்கு வழியாக மேலேறி, ஷூ விளிம்பைத் தாண்டி வெளிக்காற்றுக்கு வருகிறது. ஷூவுக்கு மேல் 12 செண்டிமீட்டர் நீளமும் 22 செண்டிமீட்டர் சுற்றளவும் உள்ள பகுதி ஏறத்தாழ 260 சதுர செண்டிமீட்டர். அது முழுதும் நனைந்திருந்தால் அசையாத காற்றில் மணிக்கு இரண்டு கிராமை ஒட்டி ஆவியாக்க முடியும் என்று கணக்கிடலாம். நடைமுறையில் கீழ்ப்பாதிதான் ஈரமாகும், அதைப் பேன்ட் வேறு மூடியிருக்கும். ஒரு கிராம் என்று குறைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிராமில் ஒரு கிராம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பருத்திக்கும் மூங்கிலுக்கும் இடையே நாம் கண்ட ஆறேழு நிமிட வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது நாள் முழுதும் தொடரும் பெரிய உதவி. குட்டை சாக்ஸில் இந்தப் பகுதியே கிடையாது.

அடுத்தது மேற்பாதம். ஆழமாக வெட்டிய குட்டை சாக்ஸ் விரல்களையும் உள்ளங்காலையும் குதிகாலையும் மட்டும் மூடுகிறது. அதிகம் வியர்க்கும் மேற்புறம் நேரே ஷூவின் உட்புறணியில் படுகிறது. வியர்வையிலுள்ள உப்பும் உதிரும் தோல் செதிலும் அந்தப் புறணியில் ஊறுகின்றன. சாக்ஸை தினமும் துவைக்கலாம், புறணியைத் துவைக்க முடியாது. வியர்வைக்குத் தானாக வாசனை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவேலரிக் அமிலம் ஆக்கும்போதுதான் அந்தப் பழகிய நாற்றம் வருகிறது. சாக்ஸ் மாற்றியும் நாற்றம் போகவில்லை என்றால், அது ஷூவின் புறணியில் குடியேறிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சிக்கல் சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடல் ஒரு பக்கம் சாய, பாதம் ஷூவுக்குள் பக்கவாட்டில் நழுவுகிறது. பேருந்தில் நின்று போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றித் தாங்க வேண்டும். ஏறும்போது 70 முறை, இறங்கும்போது 70 முறை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பாதம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. குட்டை சாக்ஸின் குதிகாலில் சிலிகான் பட்டை ஒட்டியிருப்பார்கள். உலர்ந்த தோலில் அது பிடிக்கும், வியர்வை படிந்தால் வழுக்கும். பாதிவழியில் சாக்ஸ் குதிகாலிலிருந்து கழன்று பாதத்தின் அடியில் சுருண்டுகொள்ளும். அதற்குப் பிறகு ஷூவின் பின் விளிம்பு நேராகக் குதிகால் தசைநாணின் மேல் தோலை உரசும். ஈரமான தோலின் உராய்வு உலர்ந்த தோலைவிட அதிகம் என்பதால் அங்கே கொப்புளம் எழ அதிக நேரம் ஆகாது.

குட்டை சாக்ஸுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. லோஃபர் போட்டு ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அது போதும். நாடா கட்டும் ஷூவில் நாள் முழுதும் இருப்பவர் குட்டையாகத்தான் வேண்டும் என்றால், மேற்பாதத்தை முழுதும் மூடி ஷூ விளிம்பு வரை வரும் வகையை எடுக்கலாம். அதுவும் திரியின் வேலையைச் செய்யாது, ஆனால் புறணியைக் காக்கும்.

ஆகவே நம் ஊழியருக்கு நான் சொல்வது மெல்லிய பருத்திச் சாக்ஸ், கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் அளவு. லேபிளில் 75 முதல் 80 விழுக்காடு பருத்தி, மீதியில் பெரும்பகுதி நைலான், கொஞ்சம் எலாஸ்டேன் என்று இருக்கட்டும். நூறு விழுக்காடு பருத்தியைத் தேட வேண்டாம். எலாஸ்டிக் இல்லாத சாக்ஸ் நனைந்ததும் தளர்ந்து மடிப்பு விழும், அந்த மடிப்பே கொப்புளத்துக்குத் தொடக்கம். உள்ளங்காலில் டவல் போலச் சுருள் நெய்த தடித்த வகை விளையாட்டுக்கு நல்லது. இறுக்கமான அலுவலக ஷூவில் அது பாதத்தைச் சுற்றியுள்ள சிறு காற்று இடைவெளியையும் அடைத்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் விரல்களின் நிழல் மங்கலாகத் தெரிகிற அளவு மெல்லியதாக இருந்தால் போதும். விரல் முனைத் தையலையும் உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் இறக்கத்தில் சுண்டுவிரல் அதைச் சொல்லும்.

இழையைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய பலன் தரும் ஒரு காரியம் இருக்கிறது. செம்மேட்டில் இறங்கி அலுவலகம் போனதும் சாக்ஸை மாற்றிக்கொள்வது. காலைப் பயணத்தின் கடுமையான வியர்வை சமவெளி வெப்பத்திலும் நெரிசலான பேருந்திலும் ஏற்கெனவே சுரந்து முடிந்திருக்கும். பழைய சாக்ஸைக் கழற்றி, பாதத்தை, குறிப்பாக நான்காம் ஐந்தாம் விரல்களின் இடுக்கை, துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, பையிலிருந்து உலர்ந்த ஜோடியைப் போட்டால், உறிஞ்சும் திறன் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. ஈரச் சாக்ஸை நெகிழிப் பைக்குள் திணித்து மாலை வரை வைக்காதீர்கள். நாற்காலிக்குக் கீழே ஒரு கம்பியில் தொங்கவிட்டால் மாலைக்குள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும்.

அந்த விரலிடுக்கைத் துடைப்பது சும்மா சொன்னதல்ல. சேற்றுப்புண் என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்: தோல் வெளுத்து, ஊறிப் பிளந்து அரிக்கும். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று உண்டு. பாதத்தின் அழுத்தம் விழும் இடங்களில் குண்டூசித் தலை அளவில் சிறு குழிகள் கூட்டமாக விழும், நாற்றம் கடுமையாக இருக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. அது பாக்டீரியாவின் வேலை. அதற்குப் பூஞ்சைக் களிம்பு பூசிக் காத்திருப்பது வீண். தோல் மருத்துவரிடம் காட்டினால் வேறு மருந்து தருவார். இரண்டுக்கும் பொதுவான காரணம் நாள்கணக்கில் உலராத பாதம்.

உங்கள் ஷூவுக்குள் எவ்வளவு வியர்வை தங்கிவிடுகிறது என்பதை, என் 5 கிராம் கணக்கை நம்பிக்கொண்டிருக்காமல் நீங்களே அளக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். காலையில் போடும் முன் ஒரு சாக்ஸையும் ஒரு ஷூவையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் கழற்றிய உடனே, ஒரு நிமிடமும் தாமதிக்காமல், மறுபடியும் நிறுங்கள். சாக்ஸ் ஏறிய எடையும் ஷூ ஏறிய எடையும் சேர்ந்ததுதான் அன்று உள்ளே தங்கிவிட்ட நீர். ஒரு நாள் பருத்தி, ஒரு நாள் மூங்கில், ஒரு நாள் குட்டை சாக்ஸ் என்று வெப்பம் ஒத்த நாட்களில் செய்தால், குட்டை சாக்ஸ் போட்ட அன்று ஷூவின் எடை எவ்வளவு கூடுதலாக ஏறியது என்பதைத் தராசே காட்டும். ஒரே காலில் மட்டும் அளக்க வேண்டும்; இரு பாதமும் ஒரே அளவு வியர்ப்பதில்லை.

துவைத்த சாக்ஸை உலர்த்துவதில்தான் மலைவாசிகளுக்கும் சமவெளிக்காரர்களுக்கும் வேறுபாடு பெரிது. துணி துவைக்கும் மெஷினில் சுழற்றிப் பிழிந்த பிறகும் பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ பாதி நீரை வைத்திருக்கும். விஸ்கோஸ் இழை தன் எடையை ஒட்டிய அளவு வைத்திருக்கும். 20 கிராம் பருத்தியில் 10 கிராம் மிஞ்சும் இடத்தில் மூங்கிலில் 18 அல்லது 20 கிராம் மிஞ்சும். நாமக்கல் மாடியில் இரண்டும் ஒரே பிற்பகலில் காய்ந்துவிடும், வித்தியாசமே தெரியாது. செம்மேட்டில் குடியிருந்து ஐப்பசி, கார்த்திகையில் இரவு துவைத்துக் காலையில் போட நினைப்பவருக்கு மூங்கில் சாக்ஸ் ஈரமாகவே கிடைக்கும். அப்படியிருப்பவர்கள் துவைத்த சாக்ஸை உலர்ந்த துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால், கையால் பிழிவதைவிட அதிக நீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, விரல் முனையில் கிளிப் மாட்டிக் காற்று வரும் ஜன்னல் பக்கம் தொங்கவிட வேண்டும். எலாஸ்டிக் பக்கத்தில் மாட்டினால் நீரின் கனம் அதை இழுத்துத் தளர்த்தும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் வெப்பம் எலாஸ்டேனைக் கெடுத்துவிடும்.

ஷூவுக்கு ஒரு இரவு போதாது. உட்தோலும் அடித்தாளும் குடித்த நீர் சாக்ஸின் நீரைவிட மெதுவாகத்தான் வெளியேறும், வாயும் ஒடுக்கமானது. கழற்றக்கூடிய அடித்தாளை வெளியே எடுத்து வைத்து, நாடாவைத் தளர்த்தி, நாக்கை முன்னே இழுத்துவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் வைக்க வேண்டும், நனைந்த தாள் உள்ளேயே கிடந்தால் பயனில்லை. மறுநாள் காலையில் தராசில் வைத்துப் பாருங்கள். முந்தைய நாள் காலை எடைக்கு ஷூ திரும்பவில்லை என்றால் இன்னும் சில கிராம் நீர் உள்ளே இருக்கிறது, அன்றைக்கு இன்னொரு ஜோடி ஷூவைப் போட்டுப் போக வேண்டும்.